யார், யாரை, யாருக்கு? ஜெர்மன் படிக்கிற சிவகாசிப் பொண்ணு கத்துக்கிட்ட மூணு கேள்வி

சிவகாசியில் ‘ஜெர்மன்’ என்று சொன்னால், அச்சகத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஹைடல்பெர்க் மெஷின்தான். காலண்டரும் டைரியும் வெடிப் பெட்டிக்கான லேபிளும் ஓடுகிற அச்சகங்களில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் இப்போது அதே ஊரில் ஜெர்மனை வேறு ஒரு காரணத்துக்காகப் பேசுகிறார்கள். நர்ஸிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போகத் தயாராகிறார்கள். அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க, பெரும்பாலும் பி2 அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்.

திருத்தங்கலைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். “பேரெல்லாம் போடாதீங்கக்கா, பாஸ் பண்ணின பிறகு போடுங்க” என்றார். பி1 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் பாஸ். இவர் மாதிரித் தேர்வில் வாசித்தல் பகுதியில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறினார்.

“வார்த்தை எல்லாமே தெரியும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லிடுவேன். ஆனா வாக்கியமாப் பார்த்தா மொத்தமும் தலைகீழாப் போயிடுது” என்றவர், நோட்டைத் திறந்து ஒரு வாக்கியத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரிப் பாடத்தில் வந்தது. தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

டேன் ஃப்ளேகர் ஹட் டேர் பட்ஸியெண்ட் கெரூஃபென்.

‘ஃப்ளேகர்’ என்றால் ஆண் நர்ஸ். ‘பட்ஸியெண்ட்’ நோயாளி. ‘ஹட் கெரூஃபென்’ சேர்ந்து ‘கூப்பிட்டார்’. இவர் இடமிருந்து வலமாகப் படித்து, ‘நர்ஸ் நோயாளியைக் கூப்பிட்டார்’ என்று எழுதியிருந்தார். சரியான அர்த்தம்: நர்ஸைக் கூப்பிட்டது நோயாளி.

தேர்வில் போனது ஒரு மார்க்தான். வார்டில் இப்படி நடந்தால்? ‘நர்ஸ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார் போல’ என்று நீங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அங்கே ஒருவர் மணியை அடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்.

தப்பு எங்கே நடந்தது?

இவர் படிக்கும் வகுப்பில் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகிறார்கள். ஆங்கிலத்தில் யார் செய்தார், யாருக்கு நடந்தது என்பதை இடம்தான் சொல்லும். வினைச்சொல்லுக்கு முன்னால் வருபவர் செய்பவர், பின்னால் வருபவர் அதை வாங்கிக்கொள்பவர். இடத்தை மாற்றினால் கதையே மாறிவிடும்.

தமிழில் அப்படி இல்லை. நம்ம ஊர் குடோன் வாசலில் நடக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலாளி டிரைவருக்குப் பெட்டியைக் கொடுக்கிறார்.
டிரைவருக்கு முதலாளி பெட்டியைக் கொடுக்கிறார்.
பெட்டியை முதலாளி டிரைவருக்குக் கொடுக்கிறார்.

மூன்றிலும் பெட்டி போவது ஒரே திசையில்தான். ‘டிரைவருக்கு’ என்பதில் உள்ள ‘கு’வும், ‘பெட்டியை’ என்பதில் உள்ள ‘ஐ’யும் அந்த வார்த்தைகளோடு ஒட்டிக்கொண்டே போகின்றன. எங்கே தூக்கி வைத்தாலும் தங்கள் வேலையைச் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

ஜெர்மனும் இந்த வகைதான். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நான்கு. ஒரே ஒரு பெரிய வித்தியாசம், நாம் உருபை வார்த்தையின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் வார்த்தைக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லில் காட்டுகிறார்கள்.

ர், ன், ம்

அந்தச் சின்னச் சொல்தான் டேர், டேன், டேம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், இரண்டும் இல்லாத பொதுப்பால் என ஏதாவது ஒன்றில் இருக்கும். உயிரில்லாத பொருளுக்கும் உண்டு. ‘கார்ட்டோங்’, அதாவது அட்டைப்பெட்டி, ஆண்பால். முதலாளிக்கு ‘ஷெஃப்’ என்று பெயர் (சமையல்காரர் இல்லை!). டிரைவர் ‘ஃபாரர்’. இந்த மூன்றுமே ஆண்பால் என்பதால், நம் குடோன் வாக்கியத்தை அப்படியே ஜெர்மனில் வைத்துப் பார்க்கலாம்.

டேர் ஷெஃப் கிப்ட் டேம் ஃபாரர் டேன் கார்ட்டோங்.

‘கிப்ட்’ என்றால் கொடுக்கிறார். ‘டேர்’ வந்தால் செய்பவர்: முதலாளி. ‘டேம்’ வந்தால் ‘கு’: டிரைவருக்கு. ‘டேன்’ வந்தால் ‘ஐ’: பெட்டியை. இப்போது இடத்தை மாற்றுவோம்.

டேம் ஃபாரர் கிப்ட் டேர் ஷெஃப் டேன் கார்ட்டோங்.
டேன் கார்ட்டோங் கிப்ட் டேர் ஷெஃப் டேம் ஃபாரர்.

இரண்டாவது வாக்கியத்தை ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் ‘டிரைவர் கொடுக்கிறார்’ என்று தோன்றும். மூன்றாவதில் பெட்டியே யாருக்கோ எதையோ கொடுப்பதுபோல இருக்கும். கடைசி எழுத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. மூன்றிலும் கொடுப்பவர் முதலாளிதான்.

அப்படியானால் எதற்கு இடத்தை மாற்றுகிறார்கள்? நாம் மாற்றுகிற அதே காரணம்தான். “பெட்டி என்னாச்சு?” என்று ஒருவர் கேட்டால், “பெட்டியை முதலாளி டிரைவருக்குக் கொடுத்துட்டார்” என்போம். எதைப் பற்றிப் பேச்சு ஓடுகிறதோ அது முன்னால் வரும். ஜெர்மன்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஆனால் அவர்களுடைய சுதந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தை விட்டு நகராது. மேலே மூன்றிலும் ‘கிப்ட்’ அதே இடத்தில் இருப்பதைப் பாருங்கள். ‘ஏனென்றால்’ என்ற பொருள் தரும் ‘வைல்’ போன்ற சொல் வந்தால் மட்டும் வினை கடைசிக்குப் போய்விடும்: வைல் டேர் ஷெஃப் டேம் ஃபாரர் டேன் கார்ட்டோங் கிப்ட். முதலாளி, டிரைவருக்கு, பெட்டியை, கொடுக்கிறார். அப்படியே நம்ம வாக்கிய வரிசை! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறுகிற இந்த இடம், நமக்குச் சொந்த வீடு மாதிரி.

‘அவன்’ என்பதற்கும் இதே எழுத்துகள்தான். ஏர் என்றால் அவன், ஈன் என்றால் அவனை, ஈம் என்றால் அவனுக்கு. அங்கேயும் ர், ன், ம். திருத்தங்கல் தங்கை இதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

மொழிபெயர்க்கும் முன் மூன்று கேள்விகள்

இப்போது அந்த ஆஸ்பத்திரி வாக்கியத்துக்குத் திரும்புவோம். அவர் இப்போது எப்படிப் படிக்கிறார் என்று செய்து காட்டினார். பென்சிலை எடுத்து, அர்த்தம் எதையும் எழுதாமல், முதலில் வினைச்சொல்லுக்கு வட்டம் போட்டார். ‘ஹட்’ இரண்டாவது இடத்தில், அதன் ஜோடியான ‘கெரூஃபென்’ கடைசியில். இரண்டும் சேர்ந்து ஒரே வினை: கூப்பிட்டார்.

அடுத்து, கூப்பிட்டது யார்? ‘டேர்’ எங்கே என்று தேடினார். அது நடுவில், பட்ஸியெண்டுக்கு முன்னால் இருந்தது. அதன் தலைக்கு மேல் ‘யார்’ என்று எழுதினார். பிறகு யாரை? ‘டேன் ஃப்ளேகர்’ மேல் ‘யாரை’ என்று எழுதினார். யாருக்கு என்ற கேள்விக்கு இந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. அதன் பிறகுதான் தமிழ்: நர்ஸை நோயாளி கூப்பிட்டார்.

“முன்னாடி முதல் வார்த்தையைப் பார்த்ததுமே மனசுக்குள்ள மொழிபெயர்க்க ஆரம்பிச்சிடுவேன். அதுதான்க்கா வினையே. இப்போ மூணு கேள்விக்கும் பதில் கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்கிறதில்ல.”

இந்த வாக்கியத்தில் ஒரு கூடுதல் தடயமும் இருக்கிறது. பட்ஸியெண்ட் போன்ற சில ஆண்பால் சொற்கள், ‘ஐ’ அல்லது ‘கு’ இடத்தில் வந்தால் வாலில் ‘என்’ சேர்த்துக்கொள்ளும்: டேன் பட்ஸியெண்டென், டேம் பட்ஸியெண்டென். இங்கே வால் இல்லை. ஆகவே நோயாளிதான் கூப்பிட்டவர் என்பது இரண்டு பக்கமும் உறுதி.

‘எனக்குக் குளிருது’

தமிழ் வழியாகப் படித்தால் இன்னொரு லாபமும் உண்டு. இஷ், மிஷ், மியர் என்ற மூன்று சொற்களும் நான், என்னை, எனக்கு. இப்போது குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்ற அமைப்பில் ‘இஷ் பின் கால்ட்’ என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கு ‘நான் ஈரமில்லாத ஆள்’ என்பதுபோலக் கேட்கும். சரியான ஜெர்மன்: மியர் இஸ்ட் கால்ட். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்குக் குளிராக இருக்கிறது’. ‘எனக்குத் தலை வலிக்குது’ என்பதும் இதே மாதிரிதான்: மியர் டூட் டேர் கோப்ஃப் வே. அதில் ‘டேர்’ தலைக்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். வலிப்பது தலை, வலி எனக்கு. தமிழ் வாக்கியத்திலும் அதே கணக்கு.

‘உதவு’ என்ற சொல்லும் அப்படியே. நாம் ‘அவனுக்கு உதவினேன்’ என்போம், ‘அவனை உதவினேன்’ என்று சொல்ல மாட்டோம். ஜெர்மனிலும் அங்கே ‘ஈம்’தான் வரும், ‘ஈன்’ வராது. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. அதனால் அந்த வழியாக வருகிறவர்கள் இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லா வினையும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் ‘டாக்டருக்குப் போன் பண்றேன்’ என்கிறோம், ஜெர்மன்காரர் ‘டாக்டரை’ என்பார். நாம் ‘டாக்டர்கிட்ட கேட்கிறேன்’ என்கிறோம், அவர் அங்கேயும் ‘டாக்டரை’ என்பார். வாசிக்கும்போது இது பெரிய பிரச்னை இல்லை, கடைசி எழுத்து எதுவென்று கண்ணுக்குத் தெரிகிறது. நாமே எழுதும்போது, பேசும்போது, அந்தந்த வினையோடு அது கேட்கும் வேற்றுமையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இங்கேதான் சறுக்கும்

ர், ன், ம் சூத்திரம் ஆண்பாலுக்கு மட்டும்தான் முழுமையாகச் செல்லும். பெண்பாலில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பெண்பால் சொல்லுக்குச் செய்பவர் இடத்திலும் ‘டீ’, ‘ஐ’ இடத்திலும் ‘டீ’. ‘கு’ இடத்தில் என்ன வரும் தெரியுமா? டேர்!

டேர் ஷெஃபின் கிப்ட் டேர் ஃபாரர் டேன் கார்ட்டோங்.

ஷெஃபின் என்றால் முதலாளியம்மா. வாக்கியத்தில் இரண்டு ‘டேர்’ இருக்கிறது. கொடுப்பவர் யார்? ஷெஃபின் பெண்பால், செய்பவராக இருந்தால் ‘டீ ஷெஃபின்’ என்று வந்திருக்க வேண்டும். ‘டேர்’ வந்திருப்பதால் அது ‘முதலாளியம்மாவுக்கு’. கொடுப்பவர் டிரைவர். ஜெர்மன் வாத்தியார்கள் ‘ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்துப் படி’ என்று ஏன் தொண்டை வற்றக் கத்துகிறார்கள் என்பது இங்கே புரியும். பால் தெரியாவிட்டால் ‘டேர்’ என்ன சொல்கிறது என்றே தெரியாது.

இரண்டாவது சறுக்கல், ‘டீ’ இரண்டு பக்கமும் வரும்போது. பன்மைக்கும் ‘டீ’தான் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

டீ கிண்டர் ரூஃப்ட் டீ முட்டர்.

கிண்டர் என்றால் குழந்தைகள், முட்டர் அம்மா, ரூஃப்ட் கூப்பிடுகிறார். சின்னச் சொல் உதவவில்லை. அப்போது வினையைப் பாருங்கள். ‘ரூஃப்ட்’ ஒருவர் செய்யும் வினை. பலர் கூப்பிட்டிருந்தால் ‘ரூஃபென்’ என்று வந்திருக்கும். ஆகவே குழந்தைகளைக் கூப்பிடுவது அம்மா.

இரண்டு பக்கமும் ஒருமையாக இருந்துவிட்டால்? ‘டீ முட்டர் ரூஃப்ட் டீ டோக்டர்’. டோக்டர் என்றால் மகள். இங்கே எந்தத் தடயமும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் மட்டும் ஜெர்மன்காரரும் வரிசையைத்தான் நம்புகிறார். முதலில் வந்தவர் செய்பவர், அம்மா மகளைக் கூப்பிடுகிறார். முன்பின் வாக்கியங்கள் வேறு மாதிரி சொன்னால் மட்டும் அர்த்தம் மாறும்.

நமக்கு இது புதுசு இல்லை. ‘புலி கொல் யானை’ என்று இலக்கண உரைகளில் ஒரு பழைய எடுத்துக்காட்டு வரும். உருபு மறைந்திருப்பதால், புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உருபு காணாமல் போனால், எந்த மொழியிலும் சூழ்நிலைதான் சாட்சி.

மூன்றாவது சறுக்கல், சின்னச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சின்னச் சொல் உட்கார்ந்திருப்பது. ‘மிட் டேம் ஃபாரர்’ என்றால் ‘டிரைவருக்கு’ இல்லை, ‘டிரைவரோடு’. ‘மிட்’ வந்தால் அதன் பின்னால் எப்போதும் இந்த வேற்றுமைதான் வரும். நாம் ‘ஓடு’ என்ற உருபால் செய்வதை அவர்கள் இரண்டு சொல்லால் செய்கிறார்கள். ‘யாருக்கு’ என்று எழுதும் முன் ஒரு வார்த்தை முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மிட்’ போல ஏதாவது இருந்தால் அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மீதி வாக்கியத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

எதிர்த்திசையில் வந்தவர்

இதே வேலையை ஒரு ஜெர்மன்காரர் 300 வருடங்களுக்கு முன்பு தலைகீழாகச் செய்திருக்கிறார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழ் கற்றுக்கொண்டு, ஐரோப்பியர்களுக்காக லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவர் தமிழ்ப் பெயர்ச்சொற்களை, தனக்குப் பழக்கமான லத்தீன் வேற்றுமை வரிசையில் வைத்துத்தான் விளக்கினார். தெரிந்த மொழியின் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் இறங்குவது, அவருக்கும் கைகொடுத்திருக்கிறது.

நீங்களே பாருங்கள்

கீழே உள்ள மூன்றையும் அர்த்தம் எழுதாமல், முதலில் யார், யாரை, யாருக்கு என்று மட்டும் குறித்துப் பாருங்கள்.

1. டேம் ஆர்ட்ஸ்ட் கிப்ட் டேர் ஃப்ளேகர் டேன் ஷ்லுஸல். (ஆர்ட்ஸ்ட்: டாக்டர், ஷ்லுஸல்: சாவி. எல்லாமே ஆண்பால்.)
2. ஈன் ஹட் டேர் ஷெஃப் கெசேயென். (ஹட் கெசேயென்: பார்த்தார்.)
3. டேர் முட்டர் ஹில்ஃப்ட் டீ டோக்டர். (ஹில்ஃப்ட்: உதவுகிறார். முட்டர், டோக்டர் இரண்டும் பெண்பால்.)

விடைகள்: முதலாவதில் சாவியைக் கொடுப்பவர் நர்ஸ், வாங்குபவர் டாக்டர். இரண்டாவதில் பார்த்தவர் முதலாளி, ‘அவனை’ப் பார்த்தார். மூன்றாவதில் ‘டேர் முட்டர்’ என்பது ‘அம்மாவுக்கு’, ஆகவே உதவுவது மகள். மூன்றாவதில் அம்மா உதவுகிறார் என்று எழுதியிருந்தால், சறுக்கியது பால் பார்க்காததால்தான்.

திருத்தங்கல் தங்கையிடம் மூன்றாவதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். “முட்டர் பெண்பால்... அப்போ டேர்னா கு... அம்மாவுக்கு மக உதவுறா. சரிதானக்கா?” என்றவர், நோட்டில் அந்த ‘டேர்’ மேல் ‘யாருக்கு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அடுத்த மாதிரித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை.